“என் விருப்பத்தில் போகிறேன்” என்ற ஒரு வரி போதாது



டொக்டர் இன்னும் இருக்கச் சொல்லும்போது, துண்டு வெட்டித் தரும் முன்பே ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு வாட்டில் ஒரு பெயர் உண்டு. “லாமா போறது” என்பார்கள். வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறுதல் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. அப்படிப் போகிறவரிடம் பெட் ஹெட் டிக்கட்டில் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் அதற்கு மேலே ஒரே ஒரு வரிதான் இருக்கும்: “என் சொந்த விருப்பத்தில் போகிறேன்.” நம்மவர்களும் அதை வாசிக்காமல் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறார்கள்.

அந்த ஒரு வரி நமக்குப் போதாது என்பதுதான் என் கருத்து. உண்மையில் டொக்டருக்கும் அது போதாது. அதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இதில் வரும் அக்கா ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. பள்ளிவாசல்துறையிலிருந்து கற்பிட்டி வரை, அந்தப் பக்கம் பாலாவி வரை தென்னந்தோட்டங்களில் வேலை செய்கிற யாருக்கும் நடக்கக்கூடியதைத்தான் எழுதுகிறேன்.

பின்னேரம் நான்கு மணி. விழுந்த தேங்காய் பொறுக்கிக் குவிக்கும்போது, காய்ந்த ஓலைக்குள் கை விட்ட அக்காவின் விரலில் பாம்பு கடித்துவிடுகிறது. கூட இருந்தவர் அதை அடித்து ஒரு பேக்கில் போட்டுக்கொள்கிறார். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ நீளம், முக்கோணத் தலை, மூக்கு நுனி மேலே தூக்கினாற்போல இருக்கும். சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா, குணகட்டுவா என்று சொல்வது இதைத்தான். ஓலைக் குவியல், பொச்சுமட்டைக் குவியல், காய்ந்த சருகு எல்லாம் அதற்குப் பிடித்த இடம். (பாம்பை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கிய கதைகள் உண்டு. தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தாலே டொக்டருக்குப் போதும்.)

இந்தப் பாம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு ஊசி இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன் என்று நாம் சொல்லும் கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான் அது வேலை செய்யும். மூக்கு தூக்கிய இந்தச் சின்ன விரியனுக்கு அது உதவாது. போட்டால் பலன் இல்லாமல் ஒவ்வாமை மட்டும் வரலாம் என்பதால், பாம்பு இன்னதென்று தெரிந்துவிட்டால் டொக்டர் அந்த ஊசியைப் போடமாட்டார். அப்போது வைத்தியம் என்பது பார்த்துக்கொண்டே இருப்பதுதான். வாட்டில் அக்கா பார்ப்பது என்ன? சேலைன் போத்தல் ஒன்று, நோவுக்குக் குளிசை, இடைக்கிடையே இரத்தம் எடுத்துக்கொண்டு போகும் மிஸ். “எனக்கு ஒரு ஊசி கூடப் போடல்ல. சும்மா படுக்க வச்சிருக்காங்க. இதுக்கு வீட்டிலயே படுக்கலாமே.” அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அக்கா போக வேண்டும் என்று நிற்கிறார்.

சும்மா படுக்க வைத்தது போலத் தெரிந்தாலும், அங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறார்கள். ஒன்று இரத்தம் உறைகிறதா என்பது. சுத்தமான, காய்ந்த ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வந்தவுடன் ஒரு தடவை நல்லதாக இருந்தால் பிறகும் நல்லதாக இருக்கும் என்று இல்லை. அதனால்தான் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மற்றது சிறுநீரகம். இந்தப் பாம்பு கடித்த பலருக்கு வீக்கமும் நோவும் மட்டும்தான் வரும், அதுவும் சில நாளில் இறங்கிவிடும். சிலருக்கு மட்டும் சிறுநீரகம் பழுதாகும். அது கடித்த உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்தும் தெரிய வரலாம். சிறுநீர் குறைவதும், இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதும்தான் அடையாளம். முற்றிவிட்டால் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரும். சிலருக்கு அந்தப் பழுது பிறகும் முழுதாக ஆறாமல் நீடித்துவிடுகிறது.

அக்காவிடம் இதை யாராவது அவருடைய மொழியில் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. “போனால் ஆபத்து, உங்கள் பொறுப்பு” என்று சொல்வது விளக்கம் ஆகாது. எது ஆபத்து, எப்போது வரலாம், எப்படித் தெரியும் என்ற மூன்றும் இருந்தால்தான் ஒரு ஆள் தன் நிலைமையோடு அதை எடை போட்டுப் பார்க்க முடியும். விளங்கியதா என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டுவோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். “நான் சொன்னதை நீங்க திரும்பச் சொல்லுங்க” என்று கேட்டால்தான் விளங்கியது எது, விளங்காதது எது என்று தெரியும். நல்ல டொக்டர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இனி டிக்கட்டுக்கு வருவோம். ஒரு வரியில் முடித்தால் இப்படி இருக்கும்: “பாம்புக்கடி. நோயாளி போக விரும்புகிறார். ஆபத்துகள் விளக்கப்பட்டன. லாமா.” கீழே ஒரு கைநாட்டு. இதை வாசிக்கிறவருக்கு என்ன தெரியும்? எந்த ஆபத்து சொல்லப்பட்டது, எந்த மொழியில், அப்போது அந்த அக்காவின் நிலைமை எப்படி, ஏன் போனார் என்று எதுவுமே தெரியாது.

அதே டிக்கட்டில் எழுத வேண்டிய முறையில் எழுதியிருந்தால், தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

“காலை 10.20. நேற்று பின்னேரம் 4 மணிக்கு வேலைத்தளத்தில் பாம்புக்கடி. பாம்பு கொண்டுவரப்பட்டு அடையாளம் காணப்பட்டது. இப்போது நல்ல நினைவு. நாள், இடம், நடந்தது எல்லாம் சரியாகச் சொல்கிறார். வலது கை மணிக்கட்டு வரை வீக்கம். இரத்தம் உறையும் சோதனை இதுவரை ஒவ்வொரு தடவையும் சரி. இன்று காலை எடுத்த கிரியேட்டினின் முடிவு இன்னும் வரவில்லை. நாளை வரை இருந்து, இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டது. இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகி இயந்திரச் சுத்திகரிப்பு தேவைப்படலாம், அரிதாக உயிருக்கும் ஆபத்து வரலாம் என்று தமிழ் தெரிந்த ஊழியர் மூலம் விளக்கப்பட்டது. நோயாளி திரும்பச் சொன்னது: ‘சலம் குறைஞ்சா, முரசுல இரத்தம் வந்தா கிட்னி, இரத்தம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், உடனே வரணும்.’ போவதற்குச் சொன்ன காரணம்: ‘மூணு பிள்ளைகள் பக்கத்து லயத்துல நிக்குது, சின்னதுக்கு ரெண்டு வயசு. புருஷன் கடலுக்குப் போய் நாளைக்குத்தான் வருவார். வேற ஆள் இல்ல.’ வீட்டுக்குப் போன் செய்ய வாட்டுப் போன் கொடுக்கப்பட்டது. அயலவர் இன்றிரவு வைத்திருக்க முடியாது என்றார். நாளை காலை இரத்தச் சோதனைக்கு வர ஒப்புக்கொண்டார். எந்த நேரமும் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டது. டயக்னோஸிஸ் கார்ட்டும் மருந்தும் கொடுக்கப்பட்டன.”

அதன் கீழே டொக்டரின் பெயரும் ஒப்பமும், அக்காவின் கையெழுத்து, மொழிபெயர்த்தவரின் பெயர், சாட்சி.

இதை எழுத ஐந்து நிமிடம் போகும். ஒரு வாட்டில் கட்டில்களை விட ஆட்கள் அதிகமாக இருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம்தான். அதை நான் மறுக்கவில்லை. இரவு முழுதும் நின்ற ஒரு இளம் டொக்டரிடம் போய் நீதிமன்றத்தில் போல வாதாடச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பில் காரணம் எழுதிய இடத்தைப் பாருங்கள். காரணத்தைக் கேட்டதால்தான் போன் கொடுக்கும் யோசனை வந்தது. அயலவர் “சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லியிருந்தால் அக்கா போயிருக்கவே மாட்டார். போனாலும், காரணம் தெரிந்ததால்தான் “நாளை புருஷன் வந்ததும் வாங்க” என்று ஒரு திட்டம் போட முடிந்தது. காரணம் கேட்காத வாட்டில் அக்கா “பிடிவாதக்காரி” ஆகிவிடுகிறார். கதை அங்கேயே முடிகிறது.

நம்மவர்கள் சொல்லும் காரணங்களை எல்லாருக்கும் தெரியும். பேர் விழாது. பிள்ளைகள் தனியே. ஆடு மாடு கட்டின இடத்தில் நிற்கிறது. ஊர் வைத்தியரிடம் கல் வைத்து எடுக்கப் போகிறோம். பாஷை விளங்கவில்லை. கட்டில் இல்லை, தரையில் படுக்க வைத்தார்கள். மரியாதையில்லாமல் பேசினார்கள். கடைசி மூன்றும் ஆஸ்பத்திரியைப் பற்றியவை. அவற்றை எழுத வாட்டில் கொஞ்சம் தயங்குவார்கள். அப்போது சண்டை பிடிக்காமல், “நான் சொன்னதை அப்படியே எழுதுங்க, இல்லாட்டி நானே தமிழில் எழுதி ஒப்பம் வைக்கிறேன்” என்று சொல்லலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்பது 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே வந்துவிட்டது. எழுதத் தெரியாதவர் என்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகுதான் கைநாட்டு வைக்க வேண்டும்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். வேலை இருக்கிறது. அந்தக் கடி வேலைத்தளத்தில், வேலை நேரத்தில் நடந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது நட்டஈடு கேட்கக்கூடிய விபத்து. அக்காவின் சிறுநீரகம் பழுதாகி மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் போனால், தோட்டத்துப் பக்கம் முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான்: “இவங்க சொந்த விருப்பத்தில் ஆஸ்பத்திரியை விட்டுப் போனவங்க. அதனால்தான் இப்படி ஆச்சு.”

இந்த வாதத்துக்கு சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, நம் கட்டளைச் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்த 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பார்த்தால் நன்றாக விளங்கும். அதன் 11ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு இதைப் பற்றித்தான். முதலாளி இலவசமாகக் கொடுக்க முன்வந்த வைத்தியத்தைத் தொழிலாளி மறுத்தாலோ, வைத்தியர் சொன்னதை வேண்டுமென்றே அசட்டை செய்தாலோ மட்டும் போதாது. அதன் பிறகும் ஒழுங்கான வைத்தியம் பார்க்கவில்லை என்று காட்ட வேண்டும். அவர் செய்தது அந்தச் சூழ்நிலையில் நியாயமற்றது என்று காட்ட வேண்டும். அதனால்தான் காயம் மோசமானது என்றும் காட்ட வேண்டும். இவ்வளவும் நிரூபிக்கப்பட்டாலும் நட்டஈடு அடியோடு போய்விடாது. ஒழுங்காக வைத்தியம் பார்த்திருந்தால் காயம் எந்த அளவில் நின்றிருக்குமோ, அந்த அளவுக்குக் கணக்குப் போடுவார்கள்.

“அந்தச் சூழ்நிலையில்” என்ற சொல்லை இன்னொரு தடவை வாசியுங்கள். சூழ்நிலை என்ன என்று ஒரு வருடம் கழித்து விசாரணையில் யார் சொல்வது? அக்கா சொல்வார். இப்போது யோசித்துச் சொல்லும் கதை என்று மற்றப் பக்கத்து வக்கீல் சொல்வார். ஆனால் அதே நாள், 10.20க்கு, சம்பந்தமில்லாத ஒரு அரசாங்க டொக்டர் தன் கையால் எழுதிய “இரண்டு வயதுப் பிள்ளை, பார்க்க வேறு ஆள் இல்லை, போன் பண்ணியும் கிடைக்கவில்லை, நாளை வர ஒப்புக்கொண்டார்” என்ற வரிகளை அப்படித் தள்ள முடியாது. அடுத்த நாள் காலை அக்கா திரும்பி வந்து இரத்தம் கொடுத்திருந்தால், “ஒழுங்கான வைத்தியம் பார்க்கவில்லை” என்ற வாதமும் விழுந்துவிடும். டிக்கட்டில் அந்த வருகையும் பதிவாகியிருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எழுதச் சொல்வது உண்மைக் காரணத்தை. கல்யாண வீட்டுக்குப் போவதற்காக வெளியேறிவிட்டு பிள்ளை கதை எழுதச் சொன்னால், தோட்டத்திலேயே பத்துப் பேர் உண்மையைச் சொல்வார்கள். அப்படி ஒரு வழக்கைச் சங்கம் தூக்கிப் பிடிக்க முடியாது.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே ஊறிப்போயிருக்கின்றன. “லாமா கையெழுத்துப் போட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்” என்பது ஒன்று. அது பொய். அந்தக் கையெழுத்து அன்றைக்குச் சொன்ன ஆலோசனையை ஏற்கவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவை அது மூடாது. இதை நம்பி வீட்டில் சலம் போகாமல் முகம் வீங்கும் வரை படுத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. மற்றது, கையெழுத்துக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசலால் போவது. அப்படிப் போனால் ஆபத்தும் சொல்லப்பட்டிருக்காது, காரணமும் எழுதப்பட்டிருக்காது, டயக்னோஸிஸ் கார்ட்டும் கையில் இருக்காது. அடுத்த ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்க வேண்டும். எந்தப் பாம்பு என்றுகூட அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

எல்லாரும் கையெழுத்துப் போட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தென்னையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் குழம்பிப் பேசுகிறார், அல்லது ஒருவர் நல்ல வெறியில் இருக்கிறார் என்றால், அவர் “போறேன்” என்று சொல்வதை டொக்டர் முடிவாக எடுக்கக்கூடாது. அவர் தெளியும் வரை வைத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் “விடுங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்” என்று வாட்டில் சத்தம் போடுவது நம் பக்கத்துப் பிழை. அதனால்தான் மேலே காட்டிய குறிப்பில் “நல்ல நினைவு, நாள் இடம் சரியாகச் சொல்கிறார்” என்ற வரி வருகிறது. அந்த வரி இல்லாவிட்டால் மிச்சம் எழுதியது எல்லாம் ஆட்டம் காணும்.

டிக்கட் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடும், நம் கையில் வருவது கார்ட் மட்டும்தான். பிறகு பிரதி தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆஸ்பத்திரியின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர் சொல்ல வேண்டும். ஒருவரின் வைத்தியக் குறிப்பை இன்னொருவர் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். ஆகவே தலைவர் போய்க் கேட்பதானால், அக்கா எழுத்தில் கொடுத்த சம்மதத்தைக் கூடவே கொண்டுபோக வேண்டும். வாட்டு இலக்கம், அனுமதித்த திகதி, டிக்கட் இலக்கம் மூன்றும் கார்ட்டில் இருக்கும். அதனால் கார்ட்டை அரிசிப் பெட்டியில் போட்டு மறக்காமல், ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் நம் ஆட்கள் இருக்கும் இடங்களில், அடுத்த கூட்டத்தில் ஒரு விஷயத்தை முன்வைக்கலாம். லாமா ஒப்பம் வாங்கும் இடத்தில் மூன்று மொழியிலும் அச்சடித்த ஒரு தாள். சரி போடும் சின்னப் பெட்டிகள் நிறைந்த தாள் வேண்டாம். பெட்டி இருந்தால் “குடும்பக் காரணம்” என்பதில் ஒரு கோடு இழுத்துவிட்டு முடிந்தது என்று போய்விடுவார்கள். “எனக்குச் சொல்லப்பட்ட ஆபத்து” என்பதற்குக் கீழே நான்கு வெற்று வரி. “நான் போகும் காரணம்” என்பதற்குக் கீழே நான்கு வெற்று வரி. “திரும்பி வரும் நாள்” என்பதற்கு ஒரு வரி. எழுதுகிறவரின் பெயருக்கும், மொழிபெயர்த்தவரின் பெயருக்கும் இடம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.